புள்ளியில்லாத மாதங்கள்

எதை வாசித்தாலும் ஆரபி கோடு போடுகிற அடிமட்டத்தை, அந்த அளவுகோலை, வரிக்குக் கீழே வைத்துத்தான் வாசிப்பாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் ஒரே அறையில் இருந்த முதல் வருடத்திலேயே அதைக் கவனித்திருக்கிறேன். பாடப்புத்தகம் என்றில்லை. கச்சான் கடலை சுற்றிவந்த பத்திரிகைத் துண்டு, சத்துமா பைக்கற்றின் பின்பக்கம், விடுதி அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அதே அடிமட்டம்தான். ஒரு வரி முடிந்ததும் அதைக் கீழே நகர்த்துவாள். விளங்காத வரியில் அடிமட்டம் நின்றுவிடும். விளங்கும்வரை நகராது.

கேட்டால், "கடைசி வரியிலையும் கேள்வி வரும் எண்டு எங்கடை ரியூசன் சேர் சொல்லுறவர்" என்பாள்.

அவள் கோப்பாய்ப் பிள்ளை. தகப்பன் கதிரவேலு தோட்டக்காரர். வெங்காயம், மரவள்ளி, சில காலம் புகையிலை. நான் மயிலிட்டிக் கடற்கரைக்காரி. இரண்டு வீட்டிலும் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நாங்கள்தான். அதனால் படிப்பென்றால் என்ன, அதை எப்படிச் செய்வது என்று வீட்டில் கேட்க எங்களுக்கு ஆளில்லை. அவள் ரியூசன் சேரிடமிருந்து எடுத்துக்கொண்டாள். நான் மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தேன்.

பட்டம் முடிந்தபின் ஜப்பான் புலமைப்பரிசில் முதலில் எனக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் அவளுக்கு. வடக்கே ஒரு குளிரான நகரம். நிலத்தடி நீரை ஆராயும் ஒரு லாப். பேராசிரியர் மொரிதா. அங்கே எல்லோரும் அவரைச் 'சென்செய்' என்றே கூப்பிடுவார்கள், ஆசிரியரே என்பது போல. நான் முதுமாணிப் படிப்பில், அதாவது மாஸ்ரர்ஸில், சேர்ந்துவிட்டேன். ஆரபி இன்னும் சேரவில்லை. முதலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்து நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கச் சென்செய் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை அவர் ஒரு செமினாரைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். பரீட்சையைத் தவறவிட்டால் புலமைப்பரிசில் நீடிக்காது. விசாவும் அதோடு முடியும். கோப்பாய்க்குத் திரும்ப வேண்டியதுதான்.

செமினார் என்பது பெரிய விடயமில்லை. ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து வாசித்து, இருபது நிமிடத்தில் லாப்பில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு கேள்விகள். அவ்வளவுதான். ஆனால் ஆரபி கட்டுரையைத் தெரிவு செய்த விதத்திலேயே தொல்லை தொடங்கிவிட்டது.

"சென்செய்ன்ரை கட்டுரையைத்தான் எடுத்தனான்" என்றாள் ஒருநாள் விடுதிச் சமையலறையில். முகத்தில் ஒரு திருப்தி.

"அவர் தந்த பட்டியலிலை அது இல்லையேடி?"

"நான் தேடி எடுத்தனான். அவர் இளமையிலை எழுதினது. ஆரும் எடுக்கேல்லையாம். பார்த்தால் சந்தோசப்படுவார்தானே?"

எங்கள் ஊர்க் கணக்கில் அது பிழையே இல்லை. பேச்சுப் போட்டிக்கு நடுவராக வருகிறவருடைய கவிதையில் இரண்டு வரி சேர்த்துக்கொள்கிற ஊர் எங்களுடையது. லாப்பில் எங்களுக்கு மூத்தவளான வியட்நாமியப் பெண் லின் மட்டும்தான் முகத்தைச் சுளித்தாள். பிஎச்டி என்கிற கலாநிதிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த அவளுக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்லும் பழக்கம் கிடையாது. "அது இன்னும் கஷ்டம்" என்றாள்.

கட்டுரை ஜப்பானின் தெற்கே உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் தீவைப் பற்றியது. தோட்டங்களுக்குப் போட்ட உரம் மண்ணூடாக இறங்கி, கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேருவதை மாதம் மாதம் அளந்திருந்தார்கள். ஆரபி அதை அடிமட்டத்தோடு தொடங்கினாள். முதல் சொல்லிலிருந்து. தெரியாத சொல்லுக்கெல்லாம் தமிழ் அர்த்தம் மேலே எழுதினாள். முன்னுரையில் வேறு கட்டுரைகளின் பெயர்கள் வந்தபோது அவற்றையும் இறக்கி, அவற்றையும் முதல் சொல்லிலிருந்து தொடங்கினாள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது முறையியல் பகுதியில் ஒரு சமன்பாட்டுக்குக் கீழே அடிமட்டம் நின்றிருந்தது. அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

"இதென்ன வேதப் புத்தகமா?" என்று லின் கேட்டாள். பிறகு அந்தப் பிரதியைப் பறித்துத் தான் வாசிக்கும் முறையைக் காட்டினாள். தலைப்பு, சுருக்கம். அதற்குப் பிறகு நேரே உருக்கள். ஒவ்வொரு வரைபடத்தையும் அதன் கீழுள்ள குறிப்பையும் பார்த்து, இது என்ன சொல்கிறது என்று தன் வாயாலே ஒரு வசனம். பிறகு முடிவுரை. பிறகு முன்னுரையின் கடைசிப் பந்தி, ஏனென்றால் அங்கேதான் எழுதியவர்கள் தங்கள் கேள்வியை வைத்திருப்பார்கள். இவ்வளவிலேயே இந்தக் கட்டுரை தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். வேண்டுமென்றால் மட்டும் இரண்டாவது வாசிப்பு. முறையியலுக்குள் இறங்குவது சந்தேகம் வந்த இடத்தில் மட்டும்.

நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். ஒரு பின்னேரத்தில் நாலு கட்டுரை பார்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லின் போனபின் ஆரபி தமிழில் சொன்னாள். "முன்னாலை இருக்கிறதை வாசியாமல் பின்னாலை போறது எனக்குக் களவெடுக்கிற மாதிரி இருக்கடி."

"ஆரும் பிடிக்க மாட்டினம்."

"அது சரி. ஆனால் கேள்வி வந்தால்?"

அடிமட்டம் மறுபடி சமன்பாட்டுக்குக் கீழே போனது.

செமினாருக்கு முதல்நாள்தான் ஸ்லைட் முடிந்தது. முப்பதுக்கு மேல். அவற்றுக்கு என்ன சொல்வதென்று ஒவ்வொரு வசனமாக எழுதி, எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிகளில் முதலிடம் எடுத்தவள். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் நம்பியிருந்தாள்.

அன்று எழும்பி நின்று, சென்செய்க்கு, துணைப் பேராசிரியருக்கு, மூத்த மாணவர்களுக்கு, மற்றவர்களுக்கு என்று வரிசைப்படி வணக்கம் சொன்னாள். ஒரு ஜப்பானியப் பையன் தனக்கும் வணக்கம் வந்ததில் திடுக்கிட்டு இருந்த இடத்திலேயே குனிந்தான். அவள் ஆங்கிலம் பிழையில்லாமல் ஓடியது. நான் மூச்சு விட்டேன். நாலாவது ஸ்லைட்டில் துணைப் பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கவும். அந்த நிலைக்குத்து அச்சின் அலகு என்ன?"

லீற்றருக்கு மில்லிகிராம். அவளுக்குத் தெரியும். நித்திரையிலும் சொல்வாள். ஆனால் அந்தக் கேள்வி அவள் பாடமாக்கியதில் இல்லை. நூல் அறுந்துவிட்டது. "ஐ ஆம் சொறி" என்றாள். பிறகு அந்த ஸ்லைட்டை அதன் முதல் வசனத்திலிருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினாள். அதே குரல், அதே ஏற்ற இறக்கம். இன்னொருவர் இன்னொரு இடத்தில் கேட்டார். திரும்பவும் முதல் வசனம். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இருபது நிமிட மணி அடித்தபோது பாதி ஸ்லைட்டுகூட முடியவில்லை.

கடைசியில் சென்செய் மெதுவாகக் கேட்டார். "இந்தக் கட்டுரையின் பலவீனம் எதென்று நினைக்கிறீர்கள்?"

ஆரபி நிமிர்ந்து நின்றாள். இதற்கு அவளிடம் மனதார ஒரு பதில் இருந்தது. "பலவீனம் ஒன்றுமில்லை, சென்செய். இது மிகச் சிறந்த கட்டுரை."

அவர் மேசையைப் பார்த்தார். "எழுதியவன் நான். குறைந்தது மூன்று இடம் எனக்குத் தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "இரண்டு கிழமையில் திரும்பச் செய்யுங்கள். இதே கட்டுரை. விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்."

விடுதிக்கு நடந்து வரும்போது பாதி உருகிய பனி சப்பாத்துக்குள் போனது. கடையில் உருளைக்கிழங்கு எடுக்கும்போது தாயின் அழைப்பு வந்தது. மற்றக் கையில் கூடை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, எப்பிடிப் போச்சு? அம்மாள் கோயிலிலை உன்ரை பேரிலை அருச்சனை செய்தனான்."

"நல்லாப் போச்சம்மா."

"எத்தினை மாக்ஸ்?"

"இதுக்கு மாக்ஸ் இல்லையம்மா. கேள்விதான் கேப்பினம்."

"கேட்டவையோ?"

"ஓம். கேட்டவை."

"ஏன்? நீ சொன்னதை அவை நம்பேல்லையோ?"

ஆரபி உருளைக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இஞ்சை அப்பிடித்தான் அம்மா. எல்லாரையும் கேப்பினம்."

"கீர்த்திகா பக்கத்திலை நிக்கிறாளோ? அவளையும் கேட்டவையோ?"

"என்னையும் கேட்டவை, அன்ரி" என்று நான் சத்தமாகச் சொன்னேன். அது உண்மைதான். என்னுடைய முதல் செமினாரிலும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பலவீனம் எதென்று கேட்டபோது, மாதிரிகளின் எண்ணிக்கை குறைவு என்றேன். எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற பதில் அது. மற்றவர்கள் சொல்லக் கேட்டு எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் கட்டுரையைத் தொடவில்லை. லாப்புக்கு வருவாள், கதிரையில் இருப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். நாலாம் நாள் லின் ஒரு கத்தரிக்கோலோடு வந்தாள். கட்டுரையின் புதுப் பிரதியொன்றிலிருந்து உருக்களை மட்டும் வெட்டியெடுத்து மேசையில் பரப்பினாள். எழுத்துக்களை எல்லாம், ஆரபியின் பழைய பிரதியோடு சேர்த்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை தருகிறேன். அதுவரை இதை மட்டும் வாசி."

"வரியே இல்லை. எதை வாசிக்கிறது?" என்று ஆரபி என்னிடம் கேட்டாள்.

"படத்தைத்தான்."

அவளுக்குக் கைக்கு வேலை வேண்டும். அடிமட்டத்தை எடுத்தாள். கிடையாக வைக்க ஒன்றுமில்லை. மூன்றாவது உருவில், மாதங்கள் வரிசையாக இருந்த வரைபடத்தில், அதை நிலைக்குத்தாக வைத்தாள். தை மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாக வலப்பக்கம் நகர்த்தினாள். ஒவ்வொரு மாதத்திலும் புள்ளியை விரலால் தொட்டாள். நான் என்னுடைய கணினியில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடிமட்டம் நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

"கீர்த்தி. இஞ்சை வாவன்."

போய்ப் பார்த்தேன்.

"இந்த மாதத்துக்குப் புள்ளி எங்கை?"

கோடு இருந்தது. அழகாக வளைந்து போனது. ஆனால் கோட்டின் மேல் புள்ளி இல்லை. அடுத்த மாதத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பிறகுதான் புள்ளிகள் மறுபடி தொடங்கின. புயல் மழைக்கால மாதங்கள் அவை. இந்தக் கட்டுரையை நான் லாப்புக்கு வந்த புதிதிலேயே பார்த்து, 'வருடம் முழுவதும் நைத்திரேற்று ஏறக்குறைய ஒரே அளவு' என்று ஒரு வசனத்தில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டைத்தான் நான் வாசித்திருக்கிறேன்.

"அளக்காத மாதத்தையும் சேர்த்துத்தான் வருசச் சராசரி எடுத்திருக்கினம் போலை" என்றாள். அந்த நேரம் அவள் முகத்தில் சந்தோசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பயம். "ஐயோ. இதை அவருக்கு முன்னாலை நிண்டு சொல்லுறதோ? ஊரிலை வாத்தியாருக்கு இப்பிடிச் சொன்னால் கன்னம் வீங்கும்."

"சொல்லாட்டி?"

"பிறகும் மிகச் சிறந்த கட்டுரை எண்டு சொல்ல வேண்டியதுதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அவ்வளவு தூரம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை எழுத்துக்களைத் திருப்பி வாங்கியதும், வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் நடுவிலிருந்து வாசித்தாள். மாதிரி எடுத்த திகதிகள் இருந்த அட்டவணைக்கு நேரே போனாள். அந்த மாதங்கள் அங்கேயும் இல்லை. காரணமும் எழுதப்பட்டிருக்கவில்லை. சமன்பாட்டை அப்படியே விட்டுவிட்டாள். விட்டதை என்னிடம் இரண்டு தரம் சொன்னாள், ஏதோ அடுப்பை அணைக்காமல் வந்தவள் போல.

ஸ்லைட்டுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தோம். ஒவ்வொன்றின் தலைப்பும் அதன் செய்தியைச் சொல்கிற ஒரு முழு வசனம். பாடமாக்குவது ஒவ்வொரு ஸ்லைட்டின் முதல் வசனத்தை மட்டும். மிச்சத்தைப் படத்தைக் காட்டிக் கதைக்க வேண்டும். இதெல்லாம் லின் போட்ட சட்டம். குறுக்கே கேட்பதற்குப் பழக்கும் வேலையை அவள் சமையலறையிலேயே தொடங்கினாள். ஆரபி வெங்காயம் வெட்டிக்கொண்டு ஸ்லைட் மூன்றைச் சொல்லுவாள்.

"அலகு?" என்று லின் கத்துவாள்.

"லீற்றருக்கு மில்லிகிராம்."

"எத்தனை கிணறு?"

"இருபத்தொன்று. நான் எங்கே விட்டேன்?"

"நீதான் பார்க்க வேண்டும். படத்தைப் பார், கூரையைப் பார்க்காதே."

நானும் என் பங்குக்கு ஊர்ச் சொந்தக்காரரின் குரலில் கேட்பேன். "மாப்பிள்ளை என்ன படிச்சவராம்?"

"உவளுக்குச் சட்டகப்பையாலை போடப் போறன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். ஒருநாள் அப்படித் தொடர்ந்தபோதுதான் அவள் முதல் வசனத்துக்குத் திரும்பிப் போகாததைக் கவனித்தோம். அவள் கவனிக்கவில்லை. வெங்காயம் எரிந்து கண்ணீர் வழிய, களைத்துப்போய் மீதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது செமினாரில் வரிசைப்படி வணக்கம் இல்லை. பொதுவாக ஒரு வணக்கம். துணைப் பேராசிரியர் நடுவில் கேட்டார். பதில் சொன்னாள், தடுமாறினாள், படத்தைப் பார்த்தாள், தொடர்ந்தாள். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. போன தடவை ஒரு பிழையும் இருக்கவில்லை. மூன்றாவது உருவுக்கு வந்ததும் சிவப்பு ஒளிப்புள்ளியை அந்த மாதங்களின் மேல் வைத்தாள்.

"இந்த மூன்று மாதங்களுக்கும் தரவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றாள். நாங்கள் பழகிய வசனம் அது. குற்றம் தன்மேல் இருப்பது போல. பிறகு பழகாத ஒன்றைச் சேர்த்தாள். "கோடு இருக்கிறது. புள்ளி இல்லை. ஆகவே வருடச் சராசரியை என்னால் நம்ப முடியவில்லை."

சென்செய் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மாதங்களில் புயல். தீவுக்குக் கப்பல் ஓடவில்லை" என்றார். "கோடு நான் வரைந்தது. வரைந்திருக்கக் கூடாது." பிறகு கேட்டார். "அப்போது கிணறுகளில் என்ன நடந்திருக்கும்?"

அவள் இரண்டு சாத்தியங்களைச் சொன்னாள். மழைநீர் கலந்து நைத்திரேற்று ஐதாகியிருக்கலாம். அல்லது மண்ணில் தேங்கியிருந்த உரத்தை மழை ஒரேயடியாகக் கழுவிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறக்கியிருக்கலாம், அப்படியென்றால் கூடியிருக்கும்.

"இதில் எது?"

நான் என் மடியில் விரல்களைக் கோர்த்துக்கொண்டேன். ரியூசன் சேரின் பிள்ளைகள் சொல்லாத ஒரு பதில் இருக்கிறது.

"தெரியாது, சென்செய்" என்றாள் ஆரபி. "தேடிச் சொல்கிறேன்."

எங்கள் லாப்பில் ஒரு வழக்கம். செமினாரில் பதில் கிடைக்காத கேள்வியை வெண்பலகையின் கீழ் மூலையில், பதில் தர வேண்டியவரின் பெயரோடு எழுதுவார்கள். பதிலோடு வருகிறவர்தான் அதை அழிக்கலாம். சென்செய் தானே எழும்பிப் போய் எழுதினார்: ஆரபி. மழை மாதங்கள். எழுதிவிட்டு, திரும்பாமலே, "விண்ணப்பப் படிவத்தை நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார்.

அன்று நாங்கள் கொண்டாடவில்லை. ஆரபி அறைக்குப் போய்ச் சப்பாத்தோடு படுத்துவிட்டாள்.

பரீட்சையில் சித்தியடைந்தாள். அந்தத் தீவைப் பற்றி வந்த மற்றக் கட்டுரைகளைத் தேடினாள். இப்போது உருக்களிலிருந்து தொடங்கி, அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து. ஒன்று கூடும் என்றது, இன்னொன்று குறையும் என்றது. எதிலும் அந்த மாதங்களில் கிழமைக்குக் கிழமை அளந்தவர்கள் இல்லை. கடைசியில் தன் முதுமாணி ஆய்வை அதிலேயே வைத்துக்கொண்டாள். தீவுக்குப் பதிலாகக் கோப்பாய். அங்கேயும் அதே சுண்ணாம்புக்கல், அதே உரம், மாரியில் அதே மழை. புரட்டாதியில் ஊருக்குப் போய்க் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்தாள்.

கார்த்திகைக் கடைசியில் வெள்ளம் வந்தது. ஒழுங்கைகளிலும் தெருக்களிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தோட்டத்து வெள்ளம் கட்டைத் தாண்டிக் கிணறுகளுக்குள் இறங்கியது. அதற்குமுன் அந்த மாதம் எடுத்த போத்தல்களை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்திருந்தாள். மின்சாரம் நாட்கணக்காக வரவில்லை. ஐஸ் வாங்கக் கதிரவேலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்திவரை போய் வெறுங்கையோடு திரும்பினாராம். போத்தல்கள் இளகி, சூடேறி, உதவாமல் போயின. மார்கழி முழுவதும் கிணறுகளில் நின்றது தோட்டத்து வெள்ளம்தான், அதிலும் மாதிரி எடுக்க முடியவில்லை.

"கிணத்தைச் சுத்திக் கிணறளவு தண்ணி நிக்குதடி. எனக்கு ஒரு போத்தலுக்குத் தண்ணியில்லை" என்று குரல்பதிவு அனுப்பியிருந்தாள். சிரித்துத்தான் சொன்னாள்.

போன கிழமை திரும்பி வந்தாள். இன்று தன்னுடைய வரைபடத்தை அச்சிட்டு மேசையில் வைத்திருக்கிறாள். கார்த்திகை, மார்கழியில் புள்ளி இல்லை. கோட்டையும் அவள் வரையவில்லை. இரண்டு பக்கமும் கோடு வந்து நிற்கிறது, நடுவில் வெள்ளைத் தாள். அடிமட்டத்தை அந்த வெள்ளையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருக்கிறாள். லின் பட்டம் முடித்துப் போய்விட்டாள். அடுத்த மாரிக்கு ஆரபியின் புலமைப்பரிசில் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

வெண்பலகையின் மூலையைப் பார்க்கிறேன். அந்த மூலையில் என் பெயர் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை. முன்பு அதை நல்ல விடயம் என்று நினைத்திருந்தேன். சுத்தம் செய்கிற பையன்கள் மற்றதையெல்லாம் அழித்து, அந்த ஒரு வரியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறார்கள். மை மங்கிவிட்டது. ஆரபி. மழை மாதங்கள்.